சமாந்தரக் கிளைகளும் குறையும் தடையும்

கேள்வி: 100 ஓம் தடையிக்குச் சமாந்தரமாக 1000 ஓம் தடையியை இணைத்தேன். பல்மானி 91 ஓம் என்று காட்டுகிறது. இவ்வளவு பெரிய தடையைச் சேர்த்த பிறகும் மொத்தத் தடை எப்படிக் குறையும்?

பதில்:

நீங்கள் 1000 ஓம் தடையியை, 100 ஓம் தடையியினூடாகச் செல்லும் ஓட்டத்தின் வழியில் வைக்கவில்லை. அந்த ஓட்டத்தைச் சிறிதும் தொடாமல், அதே இரண்டு முனைகளுக்கிடையே இன்னொரு வழியைத் திறந்திருக்கிறீர்கள். ஹட்டன் பகுதியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் நான், இந்த இடத்தில் சூத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஓட்டத்தைக் கணக்கிடும்படியே முதலில் சொல்வேன்.

அம்முனைகளுக்கிடையே 6 வோல்ற்று அழுத்த வித்தியாசத்தைக் கொடுத்ததாகக் கொள்வோம். 100 ஓம் தடையி தனியாக இருக்கும்போது அதில் 60 மில்லி அம்பியர் ஓடுகிறது. 1000 ஓம் தடையியைச் சமாந்தரமாக இணைத்த பிறகும் முதல் தடையியின் முனைகளில் அதே 6 வோல்ற்று இருப்பதால் அதே 60 மில்லி அம்பியர் தொடர்ந்து ஓடுகிறது. புதிய கிளை அதற்கு மேலதிகமாக 6 மில்லி அம்பியரை எடுத்துச் செல்கிறது. மின்கலத்திலிருந்து வெளியேறும் ஓட்டம் இப்போது 66 மில்லி அம்பியர். மொத்தத் தடை என்பது அழுத்த வித்தியாசத்தை மொத்த ஓட்டத்தால் வகுக்கக் கிடைப்பதுதான்: 6 / 0.066 = 90.9 ஓம். உங்கள் பல்மானி சரியாகவே காட்டியிருக்கிறது.

மிகச் சிறிய தடையுள்ள கிளை எதுவோ, அதன் ஓட்டம் முழுமையாக அப்படியே இருக்க, மற்றக் கிளைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அளவு ஓட்டத்தைச் சேர்க்கின்றன. சேர்க்கும் அளவு மிக அற்பமாக இருக்கலாம், ஆனால் பூச்சியமாகவோ மறையாகவோ இருக்க முடியாது. அழுத்த வித்தியாசம் மாறாமல் ஓட்டம் மட்டும் கூடினால் தடை குறைந்தே தீரும். 1/R = 1/R₁ + 1/R₂ என்ற சூத்திரம் இதையே சொல்கிறது; இங்கு கூட்டப்படுவன தடைகள் அல்ல, அவற்றின் நிகர்மாறுகள். தொடர் இணைப்பில் நிலைமை வேறு. அங்கு ஒரே ஓட்டம் இரண்டு தடையிகளையும் கடக்க வேண்டியிருப்பதால் அழுத்த வித்தியாசங்கள் கூடுகின்றன, மொத்தத் தடை 1100 ஓம் ஆகிறது.

இதே சிந்தனையிலிருந்து கீழெல்லையும் கிடைக்கிறது. அதைப் பாடப்புத்தகங்கள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை என்பது என் கருத்து. இரண்டாவது கிளையின் தடை முதலாவதைவிடச் சிறியதல்ல என்பதால், அது எடுத்துச் செல்லும் ஓட்டம் முதற்கிளையின் ஓட்டத்தை விஞ்ச முடியாது. எனவே மொத்த ஓட்டம் அதிகபட்சமாக இரு மடங்காகலாம். மொத்தத் தடை சிறிய தடையின் பாதிக்குக் கீழே போகாது. உங்கள் இணைப்பின் விடை 50 ஓமுக்கும் 100 ஓமுக்கும் இடையில்தான் இருக்க முடியும். மூன்று கிளைகள் என்றால் கீழெல்லை மூன்றில் ஒரு பங்கு.

பரீட்சையில் இந்த எல்லைகள் பெரிதும் கைகொடுக்கும். 1/100 + 1/1000 = 0.011 என்று கண்டு, நிகர்மாறு எடுக்க மறந்து 0.011 ஓம் என்று எழுதுபவர்கள் பலர். இன்னும் சிலர், இரண்டு தடையிகளுக்கு மட்டுமே பொருந்தும் 'பெருக்கம் கீழ் கூட்டல்' என்ற முறையை மூன்று 100 ஓம் தடையிகளுக்குப் பயன்படுத்தி 3333 என்று பெறுவார்கள். சரியான விடை 33.3 ஓம். இரண்டு பிழைகளும் எல்லைக்கு வெளியே நிற்பதால் ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

அளக்கும்போதும் அவ்வாறே. உங்கள் தடையிகளில் பொன்நிற வளையம் இருந்தால் அவற்றின் பெறுமானம் 5 சதவீதம் வரை விலகலாம். ஆகவே ஏறக்குறைய 86 ஓம் முதல் 95 ஓம் வரை எந்த வாசிப்பும் இயல்பானதே. பல்மானி 1000 ஓமுக்கு அருகில் காட்டினால் 100 ஓம் கிளை எங்கோ அறுந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். 100 ஓமைச் சரியாக ஒட்டிய வாசிப்பு வந்தால் 1000 ஓம் கிளையின் தொடுகையைச் சோதியுங்கள்.

பெரிய தடைகளை அளக்கும்போது இன்னொரு கிளை நாம் அறியாமலே சேர்ந்துகொள்ளும். 1 மெகா ஓம் தடையியின் இரு முனைகளையும் விரல்களால் அழுத்திப் பிடித்து அளந்தால், உங்கள் உடல் அதற்குச் சமாந்தரமாக இணைகிறது. மழையும் மூடுபனியுமான நாட்களில் நம் மலைநாட்டில் கைகள் ஈரலிப்பாகவே இருக்கும்; அப்போது இரு கைகளுக்கிடையே தடை 500 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், பல்மானி 333 கிலோ ஓம் மட்டுமே காட்டும். அதே கைகளால் 100 ஓம் தடையியைப் பிடித்தால் வாசிப்பு 99.98 ஓம், அதாவது வேறுபாடே தெரியாது. ஒரு முனையிலாவது விரல் படாமல் அளந்தால் போதும்.

இவை அனைத்தும் தடையிகளுக்கு உரியவை. ஆடலோட்டச் சுற்றில் தூண்டற்சுருளையும் கொள்ளளவியையும் சமாந்தரமாக இணைத்தால், அவற்றின் ஓட்டங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அமைந்து ஓரளவு நீங்கிவிடுவதால், மொத்த எதிர்ப்பு இரண்டு கிளைகளையும்விடப் பெரிதாகக்கூட ஆகலாம்.