பாலம் வேலை முடிந்தது, நகை இன்னும் அடகில்

"மண்டபத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். முன்பு மாதம் 3 லட்சத்துக்கு வியாபாரம். புதுப் பாம்பன் பாலம் வேலை நடந்தபோது நாலரை லட்சம் வரை ஓடியது. அதை நம்பி 2024-ல் மனைவியின் நகையை அடகு வைத்து 5 லட்சம் எடுத்து, பக்கத்து அறையையும் வாடகைக்குப் பிடித்துக் கடையைப் பெரிதாக்கினேன். இப்போது 3 லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டவில்லை. கடன் நோட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் நிற்கிறது. வட்டி குறைந்துவிட்டது, ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது, பாலமும் வந்துவிட்டது, இனி ஏறுமுகம்தான் என்கிறார் மச்சான். தன் விசைப்படகில் பெரிய எஞ்சின் மாட்ட 4 லட்சம் கேட்கிறார். தங்கம் விலை ஏறிவிட்டதால் அதே நகைமேல் கூடுதல் தொகை தருகிறேன் என்கிறார்கள் அடகு வைத்த இடத்தில். வாங்கிக் கொடுக்கலாமா?"
– மண்டபம் வாசகர்

வேண்டாம். மச்சானுக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். நகைக்கடனுக்கு என்ன வட்டி, ஏலம் எப்போது வரும் என்பதெல்லாம் கடை நடத்தும் உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் பழக்கம் ஒன்றுதான் கையைக் கடிக்கிறது: வந்து போகும் கூட்டத்தைப் பார்த்து, நிலைத்து நிற்கும் கடனை வாங்குவது. மச்சானும் அதே கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறார், அதனால்தான் உங்களுக்கு அது நியாயமாகப் படுகிறது.

மச்சான் ஒரே மூச்சில் சொன்ன மூன்றும் ஒரே சாதி மருந்தல்ல. வட்டிக் குறைப்பு மொத்தத் தேவையைத் தூண்டுவது, அதாவது ஊரார் கையில் செலவழிக்கும் தெம்பை ஏற்றுவது. ஜி.எஸ்.டி. குறைப்பும் உடனடிப் பலனில் பெரும்பாலும் அந்த வகைதான். பாலம் வேறு. நாடு நிலையாக எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும், சரக்கையும் ஆளையும் எவ்வளவு சுலபமாக நகர்த்த முடியும் என்ற எல்லையையே தள்ளி வைப்பது அது. பொருளாதாரப் பாடத்தில் நீண்டகால மொத்த அளிப்பு என்பார்கள்.

முதல் வகை வேகமானது. ரிசர்வ் வங்கிக் குழு ஒரு காலை கூடி அறிவித்தால் போதும், வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டியான ரெப்போ மாறிவிடும். 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதத்திலிருந்து இறங்க ஆரம்பித்து டிசம்பரில் 5.25-க்கு வந்துவிட்டது. பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல், 2025 ஏப்ரல் 6-ல் திறப்பு. ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில்தான் நீங்கள் ஏமாந்தீர்கள்.

பாலம் மாதிரியான திட்டம் கட்டி முடிக்கும்வரை அளிப்பைக் கூட்டுவதில்லை. கட்டும் காலத்தில் அது வெறும் செலவு, அதாவது தேவை. வெல்டர், கிரேன் ஓட்டுபவர், மேஸ்திரி, கூலியாட்கள் என்று வந்தவர்கள் அரிசி, எண்ணெய், சோப்பு, பீடி எல்லாம் உங்கள் கடையில்தான் வாங்கியிருப்பார்கள். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. ராமேஸ்வரம் வண்டிகள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் நின்றுவிட, ஜனம் இறங்கி பஸ் ஏறியது. இறங்கியவர்கள் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் வாங்காமலா போயிருப்பார்கள்? உங்கள் நாலரை லட்சத்தில் ஒரு பங்கு பாலம் கட்டியதால் வந்தது, இன்னொரு பங்கு பாலம் இல்லாததால் வந்தது. இப்போது பாலம் இருக்கிறது. பழைய பாலத்தில் ஊர்ந்துபோன வண்டி இன்று வேகமெடுத்து மண்டபத்தைத் தாண்டிப் போகிறது. நாட்டுக்கு லாபம், ராமேஸ்வரம் லாட்ஜ்காரருக்கு லாபம். அளிப்பு கூடினால் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, கணக்கு. 12 சதவீத லாபம் என்று வைத்துக்கொள்வோம். பாலம் வேலை நாளில் கூடுதலாக வந்த ஒன்றரை லட்சம் வியாபாரத்தில் மாதம் 18,000 கிடைத்தது. அதை வைத்துத்தான் 5 லட்சம் எடுத்தீர்கள். வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 5,000. பக்கத்து அறை வாடகையை 4,000 என்று போடுகிறேன், உங்கள் தொகையை நீங்கள் மாற்றிப் பாருங்கள். ஆக 9,000 செலவு. அன்று 9,000 மிச்சம். இன்று கூடுதல் வியாபாரம் வெறும் 10,000, அதில் லாபம் 1,200. மாதம் 7,800 கையை விட்டுப் போகிறது. மச்சானுக்கு 4 லட்சம் எடுத்தால் அதற்கும் 4,000 வட்டி, மொத்தம் 11,800.

வட்டி குறைந்ததே என்பீர்கள். ரெப்போவோடு தானாக இறங்குவது மாறும் வட்டி வீட்டுக்கடன் போன்றவை. நகைக்கடன் பெரும்பாலும் எடுத்த அன்று எழுதிய வட்டியிலேயே நிற்கும். குறைந்த 1.25 புள்ளி அப்படியே உங்களுக்கு வந்தாலும் 5 லட்சத்துக்கு மாதம் 520 ரூபாய்தான். ஜி.எஸ்.டி.-யும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக்கு 18 சதவீதம் போய் 5 ஆனது. 40 ரூபாய் சோப்பு சுமார் 35.60-க்கு வரும். உங்கள் லாபம் 4.80-லிருந்து 4.27 ஆகிவிடும். பழைய லாபம் வேண்டுமென்றால் நூறு சோப்பு விற்ற இடத்தில் 112 விற்க வேண்டும். வாங்குபவருக்கு நல்லதுதான், உங்களுக்கு அது இனாம் அல்ல.

தேவையைத் தூண்டுவது பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. 2020-ல் ஊரடங்கில் எல்லாம் முடங்கியபோது ரெப்போவை 4 சதவீதத்துக்கு இறக்கினார்கள். ஆளும் இயந்திரமும் சும்மா கிடக்கும்போது செலவு கூடினால் வேலை நடக்கும், அதற்குத்தான் அந்த மருந்து. எல்லாம் முழு மூச்சில் ஓடும்போது அதையே கொடுத்தால் விலைதான் ஏறும். உங்கள் கரையில் வருஷா வருஷம் நடப்பதுதான். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் எல்லாப் படகும் ஒரே நாளில் ஐஸ் கேட்கும். ஐஸ் ஆலை ஒரு நாளில் உறைய வைக்கும் பாளம் மாறாது. விலை ஏறும், சுமை தூக்குபவர் கூலி ஏறும், அவ்வளவுதான். கூலியும் செலவும் விலையை எட்டிப் பிடித்த பிறகு எல்லாம் பழைய அளவுக்கே திரும்பும். பாளம் கூட வேண்டுமென்றால் இன்னொரு ஆலை வேண்டும்.

தடைக்காலத்தில் அரசு இரண்டையும் ஒரே மாதத்தில் செய்கிறது. மீனவக் குடும்பத்துக்குத் தரும் நிவாரணத் தொகை தேவையைத் தாங்கிப் பிடிப்பது. அடுப்பு அணையாமல் இருக்கத்தான் அது, ஊரை வளர்க்க அல்ல. ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகைக் கட்டி வைப்பதோ அளிப்புக் கொள்கை. இன்று மீன் குறையும், ஆனால் குஞ்சு பெருகும். கடலில் இருக்கும் மீன்தான் இந்தக் கரையின் மூலதனம்.

மச்சானின் எஞ்சின் இங்கேதான் உடைகிறது. பெரிய எஞ்சின் என்றால் உற்பத்தி கூடும் என்று தோன்றும். பாக் நீரிணை ஆழமில்லாத, குறுகலான கடல். இருக்கும் மீனை ஏற்கனவே அளவுக்கு மீறிய படகுகள் அரிக்கின்றன. அவர் எஞ்சினை மாற்றினால் பக்கத்துப் படகின் பங்கில் கொஞ்சம் இவருக்கு வரும். அடுத்த வருஷம் பக்கத்துப் படகுக்காரரும் மாற்றுவார். கடைசியில் மீன் அதே அளவு, டீசல் மட்டும் அதிகம். பார்வைக்கு இது அளிப்புக்கான முதலீடு, உள்ளே வெறும் பங்குச் சண்டை. எல்லைக்கு அந்தப் பக்கம் படகு பிடிபட்டால் எஞ்சினோடு உங்கள் நகையும் போனது போலத்தான். படகைத் திருப்பித் தராமல் அரசுடைமை ஆக்கிய வழக்குகள் உங்கள் ஊருக்குப் புதிதல்ல.

உண்மையான அளிப்புத் திட்டமும் தடுமாறும் என்பதற்கு உங்கள் கரையே சாட்சி. 2017-ல் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. படகு 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, சொந்தப் பணம் 10. மூன்று வருஷத்தில் 2,000 படகு என்று இலக்கு. பக்கத்தில்கூட நெருங்கவில்லை. ஓரிரவில் கரை திரும்பிப் பழகிய ஆட்களை வாரக்கணக்கில் ஆழ்கடலில் தூண்டில் போடச் சொன்னால், படகு மட்டும் போதாது. கைத்திறன், தங்கும் துறை, சூரைக்கு விலை கொடுக்கும் வியாபாரி எல்லாம் சேர்ந்து வர வேண்டும். 70 சதவீதம் மானியம் கிடைத்தே இந்தப் பாடு. மச்சானுக்கு மானியமும் இல்லை.

உங்கள் கடையில் சும்மா கிடப்பது என்ன என்று பாருங்கள். பக்கத்து அறை. ஆகவே கடையை இன்னும் பெரிதாக்க எந்தக் காரணமும் இல்லை. தடைக்காலம் தொடங்குமுன் அந்த அறையைக் காலி செய்யுங்கள், 4,000 நின்றது. அதில் அடைந்திருக்கும் சரக்கை மறு கொள்முதல் செய்யாமல் விற்றுத் தீர்த்துவிடுங்கள். ஒன்றரை லட்சம் தேறும் என்று நினைக்கிறேன். ஃப்ரீசரும் அலமாரியும் போனால் 40,000. கடன் நோட்டில் ஜூன் 15-க்குப் பிறகு மீனவர்களுக்கு முதல் மீன்பிடிப் பங்குப் பணம் கையில் வந்த வாரத்திலேயே ஒரு லட்சம் வசூலாக வேண்டும். பழைய பாக்கியில் ஒரு பங்காவது கொடுத்தவருக்குத்தான் புதுக் கடன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த 2.9 லட்சமும் நேராக அசலுக்கு. மிச்சம் 2.1 லட்சம், வட்டி 2,100.

கூடுதல் லாபம் 1,200 போக இன்னும் 900 துண்டு விழும். அதற்கு மருந்து மொத்தக் கடையில் இருக்கிறது. மாதம் சுமார் 2.7 லட்சத்துக்குக் கொள்முதல் செய்கிறீர்கள், பெரும்பாலும் கடனுக்கு. பாதியை ரொக்கத்துக்கு வாங்கி ஒன்றரை சதவீதம் தள்ளுபடி கேளுங்கள், மாதம் 2,000 மிச்சம். துண்டு போய் 1,100 நிற்கும். இந்த ஒன்றரை சதவீதம் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கிடைப்பது. ரொக்கம் இல்லாமல் இது நடக்காது என்பதால்தான் நோட்டு வசூலில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன்.

நகைமேல் கூடுதல் தொகை தருகிறேன் என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: தங்கம் இறங்கினால் நான் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், எத்தனை நாளில்? பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். மச்சானுக்கு எதையாவது செய்துதான் ஆக வேண்டும் என்று வீட்டில் நெருக்கினால், தடைக்கால இரண்டு மாதத்துக்கு அவர் வீட்டு மளிகையைக் கடனாகக் கொடுங்கள், மாதம் 5,000-க்குள். அதுவும் நோட்டில் ஏறட்டும்.