அரிசிம்பருப்புச் சோறும் சத் பூஜையும்

கேள்வி: பீகார் பசங்க 14 பேருக்கு எங்க வீட்டுச் சாப்பாடே போடறேனுங்க. தீபாவளிக்குத் துணி, போனஸ், நாலு நாள் லீவு எல்லாம் குடுத்தேன். ஊருக்குப் போன ஆறு பேர் திரும்பி வரலீங்க. நமக்கு எப்படி வேணுமோ அப்படித்தானே அடுத்தவங்களுக்கும் செய்யோணும்? எங்கீங்க தப்பு?
– பனியன் கம்பெனிக்காரர், திருப்பூர்

பதில்: இந்த நெறி இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நமக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்பது ஒன்று. 'இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்' என்ற குறளும், சீனத்துக் கன்பூசியசும், யூத ஆசான் ஹில்லெலும் சொல்வது அதைத்தான். நமக்கு வேண்டியதைப் பிறருக்குச் செய் என்பது மற்றது. மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்வது இது. முன்னது பெரும்பாலும் தவறுவதில்லை. வசையும் கூலி பாக்கியும் யாருக்கும் வலிக்கும். பின்னது ருசியில் இடறும். பிறருக்கு ருசி வேறாக இருக்கலாமே என்று பெர்னார்ட் ஷா 1903இலேயே ஆட்சேபித்தார்.

உங்கள் லீவையே பாருங்கள். பீகார்க்காரர்களுக்குப் பெரிய நோன்பு சத் பூஜை. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சாயங்காலம் ஆற்றிலோ குளத்திலோ நின்று மறையும் சூரியனுக்கும், மறுநாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கும் படைப்பார்கள். திருப்பூரிலிருந்து பாட்னாவுக்கு ரயிலில் போகவே இரண்டு நாளுக்கு மேலாகும். நீங்கள் விட்ட நாலு நாள் போக்குவரத்துக்கே சரி. நோன்பு வருவதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. நம் பண்டிகைக்கு நம் கணக்கில் விட்ட லீவு அது.

அதற்காக நெறியையே கைவிட வேண்டாம், ஒரு படி மேலே ஏற்றிப் பிடியுங்கள். உங்களுக்கு யாராவது ஏதாவது செய்வதானால், முதலில் உங்களைக் கேட்க வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? அந்தக் கேட்பதை அவர்களுக்குச் செய்யுங்கள்.

கேட்பதிலும் பக்குவம் வேண்டும். முதலாளி எல்லார் முன்னாலும் "சாப்பாடு நல்லா இருக்கா?" என்றால் "நல்லா இருக்குங்க" என்றுதான் பதில் வரும். ஆள் கூட்டிவந்த காண்ட்ராக்டரை விட்டுக் கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். இந்தி தெரிந்த வேறொருவரை வைத்து, இரண்டிரண்டு பேராகக் கேளுங்கள். "என்ன வேணும்?" என்பதைவிட "ஊர்ல ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீங்க?" என்பது நல்ல கேள்வி. மிச்சம் கொட்டும் வாளியையும் ஒரு வாரம் பாருங்கள். அரிசிம்பருப்பு அப்படியே கிடந்தால் அதுவும் பதில்தான். சமையல் செலவில் பாதியைக் கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய், ஒரு அடுப்பு என்று கொடுத்துவிட்டால் அவர்களே ரொட்டி சுட்டுக்கொள்வார்கள்.

கேட்டதையெல்லாம் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. ஞாயிறும் ஓட்டி ஓவர்டைம் தரச்சொல்லிச் சிலர் கேட்பார்கள். வார விடுமுறை சட்டப்படி விட்டே ஆக வேண்டியது, அதில் இறங்காதீர்கள். 14 பேரும் ஒரே வாரத்தில் போனால் தையல் நின்றுவிடும். யார் இந்த வருஷம், யார் அடுத்த வருஷம் என்பதை ஆடி மாதமே அவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள், டிக்கெட் போட அவகாசம் இருக்கும். போகிறவர்களுக்குப் பயண நாட்களைக் கழித்து எட்டு நாளாவது கையில் நிற்கட்டும்.