பத்திர ஏணி: ஒரு மதுரைக்கார முன்னாள் வங்கி அதிகாரியின் கேள்வி பதில்

திருமங்கலத்தில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கையில் 21 லட்சம். மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு ஏதாவது வரணும், திடீரென்று தேவைப்பட்டால் எடுக்கவும் முடியணும். ரெண்டும் ஒன்றாக நடக்குமா மேடம்?

நடக்கும் டீச்சர். 21 லட்சத்தை ஆறாகப் பிரியுங்கள், பங்குக்கு மூன்றரை லட்சம். ஒன்று அடுத்த வருடம் முடியட்டும், இன்னொன்று அதற்கடுத்த வருடம், இப்படியே ஆறாவது வருடம் வரை. இதுதான் பத்திர ஏணி, ஒவ்வொரு பங்கும் ஒரு படி. மத்திய அரசுப் பத்திரமாகவே எடுங்கள். ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் கணக்கு 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது, கட்டணம் கிடையாது, 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம்.

அரசுப் பத்திரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: பத்திரம் முடியும் மாதமே வட்டி மாதம். பிப்ரவரியில் முடியும் பத்திரம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும். அதனால் ஆறு படிகளையும் ஆறு வெவ்வேறு மாதங்களில் முடிவதாகப் பார்த்து எடுத்தால், ஒன்று ஜனவரி-ஜூலை, அடுத்தது பிப்ரவரி-ஆகஸ்ட் என்று போய் வருடம் முழுக்கக் காசு வரும். கணக்குக்கு எல்லாம் 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு படிக்கு அரை வருட வட்டி 12,250 ரூபாய். மாதாமாதம் அந்த 12,250. நிஜத்தில் யீல்டு, அதாவது வாங்கிய விலைக்கு முடியும்வரை கிடைக்கும் வருட வருமான சதவீதம், படிக்குப் படி மாறும், இரண்டு பத்திரம் ஒரே மாதத்தில் மாட்டிக்கொள்ளும். ஒரு மாதம் காலியாக நின்றால் முந்தைய மாதத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

முதல் படி முடிந்ததும் மூன்றரை லட்சம் முழுதாகக் கைக்கு வரும். தேவையிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏணியின் உச்சியில் திரும்பப் போடுங்கள், அதாவது இன்னும் ஆறு வருடத்துக்கு. அதே மாதத்தில் முடிவதைத் தேடுங்கள், இல்லாவிட்டால் மாத வரவில் ஓட்டை விழும். சரியாக ஆறு வருடம் அமையாவிட்டால் ஏழு எடுத்தாலும் தவறில்லை. அந்தச் சமயம் வட்டி 6 சதவீதமாக இறங்கியிருந்தால், உங்கள் வருட வரவு 1,47,000-லிருந்து 1,43,500 ஆகும், அவ்வளவுதான். மொத்தத்தையும் ஒரே வருடத்தில் முடியும் பத்திரத்தில் போட்டிருந்தால் 1,26,000-க்கு விழுந்திருக்கும்.

எந்த பாண்டு வாங்கலாம், பேரு சொல்லுங்க?

சொல்ல மாட்டேன். என்றைக்குப் பணம் தேவை என்று நீங்கள் சொல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

மாட்டுத்தாவணியில பூ வியாபாரம். ஏணி போட்டா ஏலச்சீட்டு மாதிரி முன்கூட்டியே தள்ளி எடுக்கலாமாக்கா?

சீட்டு வேறு தம்பி, இதில் ஏலமெல்லாம் இல்லை. உங்களுக்குத் தினமும் சுழலும் முதல்தான் வேண்டும். மார்கழி, தை சீசனுக்கு வைத்திருக்கும் பணத்தை 91 நாளில் முடியும் அரசுக் கடன் பத்திரமான டிரஷரி பில்லில் போட்டால் போதும். மல்லி விலை ஏறும்போது ஆறு வருடப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா?

வட்டி இறங்கிக்கிட்டே வருது. ரிசர்வ் வங்கி மத்த வங்கிகளுக்குக் கடன் குடுக்குற ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியில 6.5, 2025 டிசம்பர்ல 5.25. அப்பவே பத்து வருஷத்துக்குப் பூட்டினவன்தான் ஜெயிச்சான். உங்க ஏணி பயந்தாங்கொள்ளி வேலை. (செல்லூர்)

பாதி சரி. 2023-இல் நீளமாகப் பூட்டியவர் நன்றாகவே இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் 2020 மே மாதம் ரெப்போ 4 சதவீதத்தில் இருந்தபோதும் இதே பேச்சுதான் கேட்டது, இன்னும் இறங்கும் என்று. அந்த வருடக் கடைசியில் வந்த பத்து வருடப் பத்திரம் 5.85 சதவீதம், 2030-இல் முடிவது. 2022 ஜூனில் யீல்டு ஏழரையை ஒட்டி வந்தபோது அதன் விலை நூறுக்குத் தொண்ணூறை ஒட்டி இறங்கிவிட்டது; புதுப் பத்திரம் அதிக வட்டி தரும்போது பழையதை விலை குறைத்தால்தான் வாங்குவார்கள். அப்போது அவசரத்துக்கு விற்றவர் லட்சத்துக்குப் பத்தாயிரம் இழந்தார்.

வித்தாத்தானே நட்டம்? 2030 வரைக்கும் வச்சிருந்தா முழுசா நூறு குடுப்பான்ல?

கொடுப்பார்கள். நான் கேட்பது அதைத்தான்: விற்காமல் இருக்க முடியும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஏணிக்காரருக்கு வருடத்துக்கு ஒரு படி தானாக முடியும், அதனால் விலை பார்த்து விற்கும் நாள் குறைவு. வட்டி எங்கே போகும் என்று கணிக்கவும் வேண்டாம்.

அவசரத்துக்கு நாலு லட்சம் எஃப்டி தனியா இருக்கு மேடம். மிச்சம் பத்து வருஷத்துல. எனக்கு எதுக்கு ஏணி?

அண்ணே, நீங்கள் போட்டிருப்பதும் ஏணிதான். இரண்டே படி, நடுவில் பெரிய இடைவெளி. நாலு லட்சத்தோடு அவசரம் நின்றால் நீங்கள் சொல்வது சரி. நின்றுவிடுமா என்பது உங்கள் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

(அதே செல்லூர்க்காரர்) நான் ஒத்துக்கல.

சரி.

பத்திரத்துக்குப் பதிலா மேலூர்ல பேங்க் எஃப்டியையே ஆறாப் போடலாமா?

தாராளமாக. பலருக்கு அது எளிது. முன்கூட்டி உடைத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், ஆனால் போட்ட முதல் குறையாது. ஒரே வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் போனால் காப்பீட்டு வரம்பைத் தாண்டிவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த பாண்டு நல்லதுனு இன்னும் சொல்லலையே?

மேலே படியுங்கள்.

தரகர் ஒருத்தர் 9 சதவீத வங்கிப் பத்திரம் காட்டுறார், அஞ்சு வருஷத்துல திருப்பிக் குடுத்துருவாங்களாம். அதை அஞ்சாவது படியா வைக்கலாமா?

இதை எத்தனை தடவை சொல்வது! அது 'திருப்பிக் கொடுக்கலாம்' என்ற உரிமை. உரிமை வங்கிக்கு, உங்களுக்கு இல்லை. அந்த மாதிரிப் பத்திரங்களில் பலவற்றுக்கு முதிர்வுத் தேதியே கிடையாது. வட்டி இறங்கினால் உடனே திருப்பித் தந்துவிடுவார்கள், நீங்கள் குறைந்த வட்டியில் மறுபடி போடுவீர்கள். ஏறினால் வைத்தே இருப்பார்கள். ஐந்தாம் வருடம் பணம் வரும் என்று நீங்கள் போட்ட திட்டம் காற்றோடு போகும். அதோடு வங்கி தடுமாறினால் முதலே அழிக்கப்படலாம். 2020 மார்ச்சில் எஸ் பேங்க் விவகாரத்தில் 8,415 கோடி ரூபாய் அப்படி எழுதித் தள்ளப்பட்டு, வழக்கு நீதிமன்றம் போனது. என் சித்தப்பாவும் இன்னொரு வங்கிப் பத்திரத்தை 'ஐந்து வருட எஃப்டி' என்று நம்பி வாங்கினார். ஆறாவது வருடமும் வட்டிதான் வந்தது, முதல் வரவில்லை. ஆவணத்தில் 'கால் ஆப்ஷன்' என்ற வரி இருக்கிறதா, முதிர்வு என்ற இடத்தில் 'பெர்பெச்சுவல்' என்று போட்டிருக்கிறதா, அதை மட்டும் முதலில் பாருங்கள். இருந்தால் அது படி ஆகாது.

அரசுப் பத்திர வட்டிக்கு வரியே இல்லைனு சொன்னாங்களே?

டிடிஎஸ் பிடிப்பதில்லை. வரி உண்டு. இரண்டும் வேறு.

8.5 சதவீத பத்திரம் 104 ரூபாய்க்குக் கிடைக்குது, வட்டி அதிகம்தானே? ஆனா பணம் கட்டும்போது 104-க்கு மேலேயே கேட்டாங்க.

முடியும்போது கைக்கு வருவது நூறுதான். அதனால் நீங்கள் வாங்கும் வட்டியில் அந்த நாலு ரூபாயும் சேர்ந்துதான் வருகிறது, உங்கள் காசே உங்களுக்கு. வட்டி சதவீதத்தை விட்டுவிட்டு யீல்டைப் பாருங்கள். அதிகம் கேட்டது, கடைசி வட்டித் தேதியிலிருந்து நீங்கள் வாங்கும் நாள் வரை பழைய சொந்தக்காரருக்குச் சேர வேண்டிய வட்டி. அடுத்த தேதியில் முழு வட்டியும் உங்களுக்கு வரும், அதில் திரும்பிவிடும்.

டீச்சர் மறுபடி கேட்கிறேன்: மூணாவது வருஷம் தையில பேத்தி கல்யாணம் இருக்கும் போலிருக்கு. நாலு லட்சம் வேணும்.

அப்படியென்றால் மூன்றாம் படியை மட்டும் நாலு லட்சமாக்கி, ஐந்து, ஆறில் ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் குறைத்துவிடுங்கள். தேதியை மார்கழிக்கு முன்பே, நவம்பர் வாக்கில் முடிகிற பத்திரமாகப் பாருங்கள். மண்டப முன்பணம் தைக்காகக் காத்திருக்காது.

எந்த பாண்டு...

இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை.