சி.சி. கைக்கு வராமல் பொசஷன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கீழக்கரையில் 24 வீடு உள்ள அபார்ட்மென்ட்டில் 38 லட்சத்துக்கு ஃபிளாட் புக் பண்ணி, 34.20 லட்சம் கட்டிவிட்டோம். மிச்சம் 3.80 லட்சத்தையும் கட்டி, பத்து நாளில் பொசஷன் லெட்டரில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கச் சொல்கிறார் பில்டர். சி.சி., ஓ.சி. எங்கே என்றால், "அப்ளை பண்ணியாச்சு, வந்துடும், பாதிப் பேர் குடியே வந்துட்டாங்க" என்கிறார். வாங்காவிட்டால் இப்போதே பராமரிப்புக் கட்டணம் ஓட ஆரம்பிக்குமாம். ஒப்பந்தத் தேதி தாண்டி ஏழு மாசம் ஆச்சு, மாசம் 9,000 வாடகை வேறு. என் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, கீழக்கரை

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. அந்த 3.80 லட்சத்தையும் இப்போது கொடுக்காதீர்கள். வீட்டைப் போய்ப் பாருங்கள், குறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் அவரிடமே இருக்கட்டும்.

முதலில் இந்த இரண்டு தாள்களைப் பற்றி. வீடு வாங்குபவர்களைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா, சி.சி. என்ற நிறைவுச் சான்றிதழ், ஓ.சி. என்ற குடியேறும் அனுமதிச் சான்றிதழ் இரண்டையும் சொல்கிறது. சில மாநிலங்களில் இவை தனித்தனியாக வரும். தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பேசுவது நிறைவுச் சான்றிதழைத்தான். ஆகவே "ஓ.சி. தமிழ்நாட்டில் கிடையாதும்மா" என்று பில்டர் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். "சரி, அப்போ சி.சி.யைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். திட்ட அனுமதி கொடுத்த அமைப்புதான் அதைக் கொடுக்கும். 24 வீட்டுக் கட்டடம் என்பதால் உங்களுக்கு அது ராமநாதபுரத்தில் உள்ள டி.டி.சி.பி. என்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம் வழியாக வர வேண்டும். சின்னக் கட்டடங்களுக்கு, அதாவது 750 சதுர மீட்டர், எட்டு வீடு, 14 மீட்டர் உயரம் என்ற வரம்புக்குள் வரும் குடியிருப்புகளுக்கு, இந்தச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் கட்டடம் அந்த வரம்புக்குள் வராது.

"அப்ளை பண்ணியாச்சு" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. விண்ணப்பம் போனால் அலுவலகத்திலிருந்து வந்து அளந்து பார்ப்பார்கள். அனுமதித்த வரைபடத்தில் உள்ள மாடிகள்தானா, வீடுகளின் எண்ணிக்கை சரியா, நாலு பக்கமும் விட வேண்டிய இடம் விட்டிருக்கிறதா, கார் நிறுத்தும் இடம் காலியாக இருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள். எல்லாம் ஒத்திருந்தால் சான்றிதழ் வரும். மாசக்கணக்கில் வரவில்லையென்றால், பெரும்பாலும் அளவில் எங்கோ இடிக்கிறது என்று பொருள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம் இப்படித்தான் சாவியை வாங்கிவிட்டது. வரைபடத்தில் தரைத்தளம் முழுக்கத் தூண்களும் வண்டி நிறுத்தமும். நேரில் போய்ப் பார்த்தால், தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் எழுப்பி இரண்டு வீடு. அவற்றையும் பில்டர் விற்றிருந்தார். அந்த இரண்டு வீட்டால் மேலே இருந்த எல்லோருக்கும் சான்றிதழ் நின்றுபோனது. கடைசித் தவணை வரை வாங்கிய பிறகு பில்டருக்கு அதைச் சரிசெய்ய ஓர் அவசரமும் இல்லை. நீங்களும் இன்றே போய் உங்கள் தரைத்தளத்தைப் பாருங்கள். வரைபட நகலைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளையும், ஒவ்வொரு மாடியிலும் கதவுகளையும் எண்ணுங்கள். மொட்டை மாடியில் புதிதாக அறை முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பில்டர் வேறு தாள்களைக் காட்டி "இதுதான் சி.சி." என்பதும் நடக்கும். பொறியாளரோ ஆர்க்கிடெக்டோ தன் லெட்டர்பேடில் "பணி முடிந்தது" என்று எழுதிக் கொடுத்தது சி.சி. ஆகாது, அது விண்ணப்பத்தோடு வைக்கும் இணைப்பு. நகராட்சி வீட்டு வரி ரசீதும் ஆகாது. வரி வசூலிப்பதால் கட்டடம் சட்டப்படியானது என்று ஆகிவிடாது. நிலத்தின் பிரிபடாத பாகத்தை உங்கள் பேரில் பதிந்திருந்தால், அது மண்ணுக்கான உரிமை, மேலே நிற்கும் கட்டடத்துக்கு அது பேசாது. உண்மையான சான்றிதழில் திட்ட அனுமதி எண், சர்வே எண், மாடிகள், வீடுகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். வீடுகள் 24 என்று அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குடிவந்த பாதிப் பேரிடம் ஒரு உதவி கேளுங்கள். அவர்களுடைய கரண்ட் பில்லை வாங்கி, கட்டண வகை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 1A என்றால் வீட்டு இணைப்பு. VI என்றால் தற்காலிக இணைப்பு: யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல், 100 யூனிட் இலவசமும் கிடையாது. நிறைவுச் சான்றிதழ் தேவைப்படும் கட்டடத்துக்கு அது இல்லாமல் வீட்டு இணைப்பு கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி. அதனால் அந்தச் சின்னத் தாள் பில்டரைவிட உண்மை பேசும்.

இனி பணக் கணக்கு. ரெரா சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, ஒப்பந்தத் தேதிக்குள் வீடு தராத பில்டர், வீட்டை ஒப்படைக்கும் வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி தர வேண்டும். தமிழ்நாட்டு விதியில் அந்த வட்டி, ஸ்டேட் வங்கி கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் எம்.சி.எல்.ஆர். விகிதத்தில் அதிகபட்சமானதோடு 2 சதவீதம் கூட்டியது. கணக்குக்காக 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டிய 34.20 லட்சத்துக்கு ஒரு வருட வட்டி 3,76,200 ரூபாய், மாதத்துக்கு 31,350. ஏழு மாதத்துக்கு 2,19,450. நீங்கள் வாடகையை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள், அது மாதம் 9,000. இன்று "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டால், அதைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரிய தொகை மாதாமாதம் உங்களுக்கு வரும் பாதையை நீங்களே அடைக்கிறீர்கள். பழைய ஏழு மாதத்துக்கும் "அப்போதே ஒத்துக்கொண்டார்களே" என்று அவர் வாதாடுவார். பொசஷன் லெட்டர்களில் "எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி நடுவில் கிடக்கும். தேடிப் பாருங்கள்.

இன்னொன்றும் அந்தத் தேதியில் தொடங்கிவிடுகிறது. கட்டுமானக் குறைகளை பில்டரே தன் செலவில் சரிசெய்ய வேண்டிய ஐந்து வருடக் கெடு, ஒப்படைத்த நாளிலிருந்து ஓடும். கடலோர உப்புக்காற்றில் ஸ்லாப் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்வது வருடங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். கெடுவின் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு மதிப்புள்ளது.

பராமரிப்புக் கட்டண மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். வாங்குபவர் இரண்டு மாதத்துக்குள் வீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு மாதம் சான்றிதழ் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, பில்டரின் கடிதத் தேதியிலிருந்து அல்ல. ஆக்ரா வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் "வந்து வீட்டை எடுத்துக்கொள்" என்று அழைப்பது செல்லுபடியாகும் ஒப்படைப்பே அல்ல என்று சொல்லியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் இதைத் தாராளமாகக் குறிப்பிடலாம்.

கடலோரம் என்பதால் இன்னொரு சோதனை அவசியம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். உங்கள் சர்வே எண் அதற்குள் வந்தால், திட்ட அனுமதியோடு கடலோர மண்டல அனுமதியும் இருந்திருக்க வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொச்சி மரடுவில் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள் உள்ளூராட்சி அனுமதியோடு எழுந்தவை, மக்கள் வருடக்கணக்கில் குடியிருந்தவை. கடலோர விதியை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பத்து நாள் முடியும் முன் பில்டருக்கு, பெற்றதற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம், அதே வாசகம் மின்னஞ்சலிலும். இப்படி எழுதலாம்: "வீட்டைப் பெற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம். மிச்சத் தொகை 3,80,000 ரூபாயும் தயாராக இருக்கிறது. டி.டி.சி.பி. நிறைவுச் சான்றிதழின் நகலைத் தாருங்கள். அது கிடைத்து, சரிபார்த்த பின் பணம் செலுத்திப் பெற்றுக்கொள்கிறோம். அதுவரை தாமத வட்டிக்கான எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." பணம் தயார் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள்தான் தவணை தவறியவர் என்று அவர் திருப்பிப் பேச அது இடம் கொடுக்காது. கடைசித் தவணை வங்கிக் கடனிலிருந்து போவதென்றால், என் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் விடுவிக்க வேண்டாம் என்று வங்கிக் கிளைக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்.

அதே வாரத்தில் டி.டி.சி.பி. மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். திட்ட அனுமதி நகல், அனுமதித்த வரைபடம், நிறைவுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் வந்த தேதி, குறை சொல்லி அனுப்பிய கடிதம் ஏதும் இருந்தால் அதன் நகல், இந்த நான்கும் போதும். "அப்ளை பண்ணியாச்சு" என்பது மெய்யா என்று அதில் தெரிந்துவிடும். rera.tn.gov.in தளத்தில் உங்கள் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, முடிப்பதாகச் சொன்ன தேதியையும் பாருங்கள்.

பதிலில் விதிமீறல் வெளிப்பட்டால், எஞ்சிய குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு ரெரா ஆணையத்தில் புகார் செய்யுங்கள். வீடே வேண்டாம் என்று கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவும் அதே 18-வது பிரிவு இடம் தருகிறது. அந்த முடிவை எடுக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்காரர் சம்பந்தப்பட்ட ஒன்று. ஒப்பந்தம் அவர் பேரில் இருந்து, பவர் பத்திரத்தை வைத்து நீங்கள் போடும் கையெழுத்து அவரையும் கட்டுப்படுத்தும். "நீங்க அலையவே வேண்டாம், எங்க ஆபீஸ் ஆள் பேருக்கே ஒரு பவர் கொடுத்துடுங்க, நாங்களே முடிச்சுடுறோம்" என்று ஷார்ஜாவுக்கு போன் போகலாம். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளக் கூடாது. இன்று ராத்திரி அவரிடம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.