நீட் பயிற்சிக்கு எந்த சென்டர்? பாதியில் விலகினால் பணம் வருமா?

கேள்வி: என் மகள் நீட் ரிப்பீட்டர் வகுப்பில் சேரப்போகிறாள். ஒரு சென்டரில் 10 மாதத்துக்கு 1,18,000 ரூபாய். 40 பேர் பேட்ச், புத்தகம் உட்பட. மொத்தத்தையும் இப்போதே கட்டச் சொல்கிறார்கள், 'கட்டணம் திரும்பத் தரப்படாது' என்று படிவத்தில் இருக்கிறது. இன்னொன்றில் 90,000 ரூபாய்தான், இரண்டு தவணை. ஆனால் 90 பேர். எது சரி?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, 90,000 என்பது முழுத் தொகையா என்று முதலில் கேளுங்கள். பயிற்சி வகுப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அது தனி என்றால் 1,06,200 ஆகிவிடும். புத்தகத்துக்கும் டெஸ்ட் சீரிஸுக்கும் 12,000 என்று வைத்தால் 1,18,200. ஆக, இரண்டும் ஒரே விலைதான்.

அடுத்து, ஆசிரியர் நின்று பாடம் நடத்தும் மணிநேரத்தை மட்டும் எண்ணுங்கள். இரண்டாவது சென்டரில் 1,000 மணிநேரம் என்று சொல்லிவிட்டு, அதில் 300 மணிநேரத்தை மேற்பார்வையில் படிக்கும் நேரமாக வைத்திருக்கலாம். மீதி 700 என்றால் மணிக்கு சுமார் 169 ரூபாய். முதல் சென்டர் 800 மணிநேரம் நடத்தினால் 147.50 ரூபாய், அதுவும் 40 பேருக்கு நடுவில். கால அட்டவணையை வாங்கி நீங்களே கூட்டிப் பாருங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த 'திரும்பத் தரப்படாது' வரிதான். அதில் கையெழுத்துப் போட்டதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. பயிற்சி மையங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-க்குள் வரும் என்பதே தேசிய நுகர்வோர் ஆணையத்தின் நிலைப்பாடு. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல், பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாளில் தரச் சொல்கிறது. மாநில அரசு ஏற்று விதியாக்கினால்தான் அது கட்டாயமாகும் என்றாலும், வழக்கில் எடுத்துக்காட்டலாம்.

மகள் 3 மாதத்தில் விலகினால், 1,18,000-இல் பத்தில் ஏழு பங்கு, அதாவது 82,600 கேட்கலாம். 'புத்தகம் கொடுத்துவிட்டோமே' என்று அவர்கள் பெரிய தொகையைக் கழிக்கப் பார்ப்பார்கள். அதனால் புத்தக விலையை ரசீதில் தனியாக எழுதச் சொல்லுங்கள். 15,000 என்று எழுதியிருந்தால், மீதி 1,03,000-க்கு 72,100 என்று கணக்கு நிற்கும். எழுதவில்லை என்றால் அவர்கள் சொல்வதுதான் விலை.

பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள், பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் அடுத்த நீட்டே முடிந்துவிடலாம். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவதைவிட, கொடுக்காமல் வைத்திருப்பது எளிது.

அதனால் முதல் சென்டரிடமே மூன்று தவணை கேளுங்கள். 40 பேர் என்பதையும் மணிநேரத்தையும் அவர்கள் முத்திரையோடு எழுதித் தரட்டும். இரண்டுக்கும் சம்மதித்தால் அங்கேயே சேருங்கள். முழுப் பணமும் இன்றே வேண்டும் என்று நின்றால், 90 பேராக இருந்தாலும் தவணை தரும் இடத்தையே நான் தேர்வேன்.