மெனு கார்டில் விலைகள் ஏன் கோணலாக நிற்கின்றன?

கேள்வி: எங்கள் உணவகத்துக்கு மெனு கார்டு அச்சடித்தோம். பெயருக்கும் விலைக்கும் நடுவில் புள்ளிகள் வைத்தும் விலைகள் நேர்க்கோட்டில் நிற்கவில்லை. வாடிக்கையாளர்கள் அடுத்த வரியின் விலையைப் படித்துவிட்டு, பில் வரும்போது வாதம் செய்கிறார்கள். மறுபடி பணம் கொடுத்து அடிப்பதற்கு முன் டிடிபி கடையில் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: முதலில் கேட்க வேண்டியது, அந்தப் புள்ளிகளை எப்படி இட்டார்கள் என்பதைத்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், புள்ளி விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தி இடத்தை நிரப்பியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையவை அல்ல. 'ண' எடுத்துக்கொள்ளும் இடம் வேறு, 'ர' எடுத்துக்கொள்ளும் இடம் வேறு. ஆகவே ஒவ்வொரு உணவின் பெயரும் வெவ்வேறு இடத்தில் முடிகிறது. அதன்பின் எத்தனை புள்ளிகளைக் கூட்டினாலும் குறைத்தாலும், விலை ஒரு புள்ளியின் அகலத்துக்குக் குறைவாக நகராது என்பதால் அது சரியான கோட்டில் வந்து நிற்பதில்லை. இடைவெளி விசையால் நிரப்பினாலும் இதே கதைதான்.

சரியான வழி, டேப் விசையை அழுத்தினால் எழுத்து போய் நிற்கும் இடமான டேப் நிறுத்தத்தை வலப்பக்கம் சீர்செய்யும்படி வைத்து, புள்ளிகளை மென்பொருளையே நிரப்பச் செய்வதாகும். ஏ4 தாளை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் 21 செ.மீ. இரு ஓரங்களிலும் 1.5 செ.மீ. விட்டால் 18 மிஞ்சும். நடுவில் 1 செ.மீ. இடைவெளியோடு இரண்டு பத்திகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் 8.5 செ.மீ. அகலம் பெறும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் Format > Paragraph சென்று, Tabs பக்கத்தில் Position என்ற இடத்தில் 8.5 செ.மீ. எனவும், Type என்பதில் Right எனவும், Fill Character என்பதில் புள்ளிகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு உணவின் பெயரை அடித்து, டேப் விசையை ஒரே ஒரு முறை அழுத்தி, விலையை அடித்தால் போதும். 45 ஆனாலும் 110 ஆனாலும் கடைசி இலக்கம் ஒரே கோட்டில் முடியும். விலை மாறும்போது புள்ளிகள் தாமாகவே கூடும், குறையும். ₹ குறியை ஒவ்வொரு விலைக்கும் முன்னால் போடாமல் பத்தியின் தலையில் ஒரு முறை போடுவது நல்லது, ஏனெனில் குறிகளின் கூட்டத்தில் எண் மங்கிப்போகிறது.

பிரியாணிக்கு அரை, முழு என இரு விலைகள் இருந்தால், இரண்டு நிறுத்தங்கள் வேண்டும். முதலாவதை 6.8 செ.மீ.யில் புள்ளிகளோடும், இரண்டாவதை 8.5 செ.மீ.யில் புள்ளிகள் இல்லாமலும் வையுங்கள். 'அரை', 'முழு' என்ற தலைப்புகளையும் அதே இரு நிறுத்தங்களிலேயே அடித்தால், தலைப்பு தன் விலைகளுக்கு நேர் மேலே நிற்கும்.

பெயர் நீளமாகி அடுத்த வரிக்கு இறங்கினால், விலை இரண்டாவது வரியின் முடிவில்தான் வர வேண்டும். மேல் வரியில் விலையும் கீழ் வரியில் மீதிப் பெயரும் நின்றால், அந்த மீதிப் பெயர் தனி உணவு போலத் தோன்றும். இடத்தை மிச்சப்படுத்த மூன்று பத்திகள் போடலாம் என்று கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள், பத்தி 5.3 செ.மீ. அளவுக்குச் சுருங்கி, 'செட்டிநாட்டுக் காளான் மிளகு வறுவல்' போன்ற பெயர்கள் பெரும்பாலும் இரண்டு வரிகளாக உடையும்.

பிரிவுகளைப் பொறுத்தவரை, காலைச் சிற்றுண்டி, மதிய உணவு, இரவு உணவு எனப் பரிமாறும் வேளைப்படி வகுப்பது உண்பவருக்கு எளிது. பத்தியின் அடியில் தலைப்பு மட்டும் தனித்து நின்று, அதன் உணவுகள் அடுத்த பத்திக்குப் போய்விடாதபடி, தலைப்புக்கு Keep with next paragraph என்ற அமைப்பை இடச் சொல்லுங்கள். விலைகளில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் அடியில் ஒரு வரியாகத் தெளிவாக எழுதுங்கள். பில்லின்போது எழும் வாதங்களில் ஒரு பகுதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

பணம் கொடுப்பதற்கு முன், ரைட்டரில் செய்திருந்தால் கடையின் கணினியிலேயே கோப்பைத் திறந்து, ஓர் உணவுப் பெயரின் முடிவில் கர்சரை வைத்து, வலது அம்பு விசையை ஒரு முறை அழுத்தச் சொல்லுங்கள். கர்சர் புள்ளிகளையெல்லாம் ஒரேயடியாகத் தாண்டி விலைக்கு முன்னால் போய் நின்றால் வேலை சரி. ஒரே ஒரு புள்ளியை மட்டும் தாண்டினால், அவை கையால் அடிக்கப்பட்டவை. எழுத்துருக்கள் உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்போடு, திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். மூலக் கோப்பு உங்களிடம் இல்லாவிட்டால், தோசை விலை ஐந்து ரூபாய் ஏறும்போதும் வடிவமைப்புக்கான கூலியை மறுபடி கொடுக்க நேரும். லேமினேஷன் செய்வதற்கு முன் ஒரு மாதிரித் தாளை அச்சிட்டு, விலைகளின் கடைசி இலக்கங்களை ஒட்டி அளவுகோலை வைத்துப் பாருங்கள். பிறகு அதே தாளை உங்கள் உணவகத்தில் வெளிச்சம் குறைவாக உள்ள மேசையில் வைத்து, கண்ணாடி அணியும் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் சொல்லும் ஐந்து உணவுகளின் விலையைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ஓர் இடத்திலாவது விரலை வைத்துத் தடவிப் பார்த்துப் படித்தால், வரிகளுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.