மாதவிடாய் நின்ற பின் தலையில் எண்ணெய் கூடுவது ஏன்?

கேள்வி: எனக்கு 54 வயது. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆறு மாதமாக, காலையில் தலைக்குக் குளித்தாலும் மாலைக்குள் பிசுபிசுக்கிறது. தினமும் ஷாம்பு போட்டால் எண்ணெய் இன்னும் சுரக்கும் என்று இணையத்தில் படித்து, வாரம் ஒரு முறையாகக் குறைத்துவிட்டேன். உச்சியில் முடி மெலிவதால் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். தாடையிலும் முடி முளைக்கிறது, வயதானால் அப்படித்தானே? தினமும் அலசினால் வழுக்கை விழுமா?

பதில்: விழாது. மறுபடியும் தினமும் அலசத் தொடங்குங்கள்.

முடிக்கால் ஒவ்வொன்றையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதன் உயிரணுக்கள் கொழுப்பைச் சேர்த்துப் பருத்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தாமே உடைந்து எண்ணெயாக வெளியேறுகின்றன. மாலையில் உங்கள் விரலில் ஒட்டும் எண்ணெய் சில வாரங்களுக்கு முன்பே உருவாகத் தொடங்கியது. காலையில் போட்ட ஷாம்புவுக்கு அதில் பங்கில்லை. அந்தச் சுரப்பிக்குக் கட்டளையிடுபவை ஆண் ஹார்மோன்கள் எனப்படும் ஆண்ட்ரோஜன்கள். பெண்களின் உடலிலும் இவை உண்டு. பருவ வயதில் தலை பிசுபிசுப்பது இவற்றால்தான். ஆண்களுக்கு முதுமை வரை இந்தச் சுரப்பு பெரிதாகக் குறைவதில்லை. பெண்களுக்கோ மாதவிடாய் நின்றபின் படிப்படியாகக் குறைந்து, தலை வறண்டுபோவதே வழக்கம்.

உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான். தாடையில் இரண்டு மூன்று முடிகள் மட்டும் இருந்தால் இந்த வயதில் நானும் பொருட்படுத்த மாட்டேன். ஆனால், எண்ணெய், உச்சி மெலிவு, தாடை முடி ஆகிய மூன்றும் சில மாதங்களுக்குள் சேர்ந்து வந்தால் ஆண்ட்ரோஜன் கூடியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குரல் தடித்திருந்தால் இந்த வாரமே பாருங்கள். சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ ஹார்மோன் சுரக்கும் கட்டி இருப்பது அரிதுதான். சினைப்பையின் திசு சற்றே தடித்திருப்பதும் காரணமாகலாம். எதுவானாலும் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ சென்று, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், டிஹெச்இஏ சல்பேட் என்ற இரண்டு ஆண்ட்ரோஜன்களையும் அளந்து பாருங்கள். அளவு மிகுந்திருந்தால் அவர்கள் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். நீங்கள் பூசும் களிம்பு, ஹார்மோன் ஜெல், ஊட்ட மாத்திரை எதையும் விடாமல் சொல்லுங்கள். வீட்டில் வேறொருவர் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசினால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் தோலோடு தோல் உரசியே அது உங்களுக்கு வந்துசேரும்.

இனி பயோட்டின். அந்த வைட்டமின் குறையாதவர்களுக்கு அதனால் முடி வளர்வதாக நல்ல சான்று இல்லை. அதைவிடத் தொல்லை, முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் அதன் அளவு மிகுதி என்பதால் சில ஆய்வகங்களின் ஹார்மோன் அளவீடுகளே தவறிப்போகும். டெஸ்டோஸ்டிரோனும் அதில் அடக்கம். யாரையும் கேட்காமல் தொடங்கிய மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, குறைந்தது மூன்று நாள் கழித்து இரத்தம் கொடுங்கள். எவ்வளவு மில்லிகிராம் சாப்பிட்டீர்கள் என்பதை ஆய்வகத்திலும் சொல்லுங்கள்.